ஒரு டிகிரி மிச்சம்

மே மாதத்தில் மண்டபம் கரையில் நின்றால் கடல் உறங்குவதுபோல் இருக்கும். வாடை ஓய்ந்து வெகுநாள் ஆகியிருக்கும். கச்சான் இன்னும் கிளம்பியிருக்காது. இரண்டுக்கும் நடுவில் வரும் அந்தச் சில வாரங்களில் மன்னார் வளைகுடா குளத்து நீரைப்போல அசையாமல் கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கரையோரம் கட்டிக் கிடக்கும். கலக்க அலையும் இல்லை, இழுவை வலையும் இல்லை என்பதால் தண்ணீர் தெளிந்து, தீவுகளை ஒட்டிய ஆழமில்லாத இடங்களில் அடிமணல்வரை கண்ணுக்குத் தெரியும். பவளப்பாறை பார்க்க விரும்புகிறவருக்கு இதைவிட நல்ல பருவம் கிடையாது. பவளத்துக்கு இதைவிடக் கெட்ட பருவமும் கிடையாது.

அப்படி ஒரு மே மாதத்தில் நாட்டுப்படகில் என்னை அழைத்துப்போனவர், தீவு நெருங்கியதும் துடுப்பை நிறுத்திவிட்டுக் கீழே கைகாட்டினார். "பாருங்கண்ணே, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி கெடக்கு" என்றார். பழுப்பும் பச்சையும் மங்கிய மஞ்சளுமாக இருந்திருக்க வேண்டிய பார் முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை. சில கிளைகள் நுனியில் மட்டும் வெளுத்திருந்தன. சில அடிமுதல் நுனிவரை வெளுத்திருந்தன. தண்ணீரில் கைவிட்டுப் பார்த்தேன். இதமான சூடு, அவ்வளவுதான். வழக்கமான கோடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என் கைக்குத் தெரியவில்லை. எந்தக் கைக்கும் தெரியாது. ஏனென்றால் அந்த வித்தியாசம் ஒன்று அல்லது ஒன்றரை டிகிரி செல்சியஸ்.

அவர் சுண்ணாம்பு என்றது வெறும் உவமை அல்ல. பவளம் கட்டுகிற வீடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. இந்தக் கரையில் பல தலைமுறைகளாகப் பவளக்கல்லை வெட்டியெடுத்துச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். வீடு கட்டவும் பயன்படுத்தினார்கள். வளைகுடாவில் எண்ணப்பட்ட 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டு தண்ணீருக்குள் போனதற்கு அந்தக் கல்லெடுப்பு முக்கியக் காரணம். சட்டத்தின் கெடுபிடியால் கல்லெடுப்பு 2005-ஐ ஒட்டி நின்றது. அப்போது வெட்டி மேலே கொண்டுவந்த அதே வெள்ளைக் கல்தான் இப்போது கடலுக்கடியில் இருந்த இடத்திலேயே வெளித் தெரிகிறது. உயிருள்ள பவளத்தில் அந்த வெள்ளை கண்ணுக்குத் தெரியாது. அதை மறைப்பது எது என்று புரிந்துகொண்டால் வெளுப்பு என்ன என்பதும் புரிந்துவிடும்.

பவளம் என்பது கல்லும் இல்லை, செடியும் இல்லை. பாலிப் என்னும் சிறு பிராணிகள் ஆயிரக்கணக்கில் ஒட்டி வாழும் ஒரு குடியிருப்பு. ஒவ்வொரு பாலிப்பும் கிண்ணம் போன்ற சுண்ணாம்புக் குழிக்குள் உட்கார்ந்து, இரவில் கைகளை நீட்டிக் கடலில் மிதக்கும் நுண்ணுயிர்களைப் பிடித்துத் தின்னும். அந்த வருமானம் அதற்குப் போதாது. அதன் உண்மையான வருமானம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பாலிப்பின் சதைக்குள், அதன் செல்களுக்கு உள்ளேயே, நுண்பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு விரல்நக அளவு பவளப் பரப்பில் பத்து லட்சம் பாசிச் செல்கள் இருக்கலாம். சூரிய ஒளியில் அவை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி பவளத்துக்கே போய்விடுகிறது. பவளத்தின் ஆற்றல் தேவையில் 90 விழுக்காடுவரை இப்படி வரக்கூடும். பதிலுக்குப் பவளம் தன் கழிவிலிருந்து நைட்ரஜனும், மூச்சிலிருந்து கரியமில வாயுவும், பாதுகாப்பான ஓர் இடமும் தருகிறது. பவளத்தின் சதை கிட்டத்தட்டக் கண்ணாடி போன்றது. நாம் பார்க்கும் பழுப்பு நிறம் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பாசியின் நிறம். பாசி வெளியேறினால் கண்ணாடிச் சதை வழியே அடியிலுள்ள சுண்ணாம்பு பளிச்சென்று தெரியும். பவள வெளுப்பு என்பது இதுதான்.

சோறு போடும் பாசியைப் பவளம் ஏன் இழக்கிறது? இங்கேதான் வெப்பம் வருகிறது.

பாசியின் உள்ளே நடப்பதை இரண்டு கட்டங்களாகப் பிரிக்கலாம். முதல் கட்டத்தில் ஒளியைப் பிடித்து மின்னேற்றமாக மாற்ற வேண்டும். இரண்டாம் கட்டத்தில் அந்த ஆற்றலைக் கொண்டு கரியமில வாயுவைச் சர்க்கரையாக்க வேண்டும். ஒளியைப் பிடிப்பது பகல் முழுவதும் நிற்காமல் நடக்கும், வெயில் இருக்கும்வரை அதைத் தடுக்க முடியாது. சர்க்கரையாக்கும் வேலையைச் செய்யும் நொதிகள் வெப்பம் கூடும்போது தடுமாறுகின்றன. ஒளியைப் பிடிக்கும் அமைப்பில் ஓயாமல் பழுதாகும் ஒரு புரதத்தை உடனுக்குடன் மாற்ற வேண்டும், அந்தப் பழுதுபார்ப்பும் மந்தமாகிறது. விளைச்சல் வந்து குவிகிறது, அரைக்க ஆள் இல்லை என்ற நிலை. வழி அடைபட்ட ஆற்றல் அருகிலிருக்கும் ஆக்சிஜன் மீது பாய்கிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, திசுவை அரிக்கும் ஆக்சிஜன் வடிவங்கள் உருவாகின்றன. அவை பாசிக்குள் மட்டும் நிற்காமல் பவளத்தின் செல்லுக்குள்ளும் கசிகின்றன. நேற்றுவரை உணவு தந்த அதே பாசி இன்று நஞ்சைச் சுரக்கிறது. பவளம் அதைத் துப்பிவிடுகிறது, அல்லது பாசியிருக்கும் செல்லையே கழற்றி விடுகிறது.

ஆக இது வெப்பம் மட்டும் செய்யும் வேலை அல்ல. வெப்பமும் ஒளியும் சேர்ந்து செய்யும் வேலை. அதனால்தான் ஒரே பவளத்தில் வெயில் விழும் மேற்பகுதி முதலில் வெளுக்கிறது, நிழலில் இருக்கும் அடிப்பக்கம் பழுப்பாகவே இருக்கிறது. 1998-இல் பசிபிக்கின் பல பகுதிகள் வெளுத்தபோது, டஹிட்டி இருக்கும் சொசைட்டி தீவுக்கூட்டத்தின் பவளங்கள் பெரும்பாலும் தப்பின. அங்கே அந்தக் கோடையில் வானம் மேகமூட்டமாகவே இருந்தது. மண்டபத்தின் மே மாதத்தை இதோடு பொருத்திப் பாருங்கள். காற்று இல்லாததால் மேல் நீரும் கீழ் நீரும் கலப்பதில்லை, சூடு மேலேயே தங்குகிறது. அலை இல்லாததால் நீர் தெளிந்து, ஒளி நேராக இறங்குகிறது. ஒரே அமைதி இரண்டு பக்கமிருந்தும் அடிக்கிறது.

எவ்வளவு சூடானால் வெளுக்கும் என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்ல முடியாது. இந்த விஷயத்தில் பலரும் தடுமாறுவது இங்கேதான். 1970-களில் ஹவாயின் ஓஆஹு தீவில், காஹே முனையில் இருந்த அனல்மின் நிலையம் சூடான நீரைக் கடலில் விட்டது. அந்த நீர் பரவிய இடங்களில் பவளம் வெளுத்ததையும் செத்ததையும் பால் ஜோகியல், ஸ்டீவ் கோல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அளந்தார்கள். பிறகு அவர்கள் ஹவாயின் பவளங்களையும், அதைவிட வெப்பமான மார்ஷல் தீவுகளின் எனிவெடாக் பவளங்களையும் ஒப்பிட்டார்கள். எனிவெடாக் பவளம் ஹவாய்ப் பவளத்தைவிடச் சுமார் 2 டிகிரி கூடுதல் சூட்டைத் தாங்கியது. எனிவெடாக் கடலும் ஹவாய்க் கடலைவிட ஏறத்தாழ அவ்வளவுதான் வெப்பமானது. ஒவ்வொரு பவளமும் தன் ஊர்க் கோடையின் உச்சத்துக்கு ஒன்றிரண்டு டிகிரி மேலே தன் எல்லையை வைத்துக்கொண்டிருந்தது.

பாரசீக வளைகுடாவில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். அங்கே கோடையில் நீர் 34, 35 டிகிரி வரை போவது வழக்கம். அங்குள்ள பவளங்கள் அதில் வாழ்கின்றன. அதே நீரில் நம் பவளத்தை வைத்தால் சில நாளில் செத்துவிடும். பாரசீக வளைகுடாப் பவளமும் அழியாத பவளம் அல்ல, அதன் வழக்கமான உச்சத்தைக் கடல் தாண்டியபோது அதுவும் வெளுத்திருக்கிறது. கடல் எவ்வளவு சூடு என்பது பவளத்துக்குப் பொருட்டே இல்லை. தான் பழகிய உச்சியைவிட எவ்வளவு கூடுதல் என்பதுதான் பொருட்டு.

உச்சியை மட்டும் ஏன் பார்க்க வேண்டும், ஆண்டுச் சராசரியைப் பார்த்தால் என்ன? மன்னார் வளைகுடாவில் ஜனவரி நீரையும் ஏப்ரல் நீரையும் ஒப்பிட்டால் பல டிகிரி ஏற்றம் இருக்கும். பவளம் ஆண்டுதோறும் அதைச் சிரமமில்லாமல் கடக்கிறது. ஜனவரியில் கடல் வழக்கத்தைவிட 2 டிகிரி கூடினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, அந்தச் சூடு அது ஏற்கெனவே அறிந்த சூடுதான். கோடையின் உச்ச மாதத்தில் அதே 2 டிகிரி கூடினால், அது அறியாத இடத்துக்குப் போய்விடுகிறது. வெப்பமண்டலக் கடல் ஆண்டுக்காண்டு அதிகம் மாறாதது. அதனால் அங்கே வாழும் உயிர் தேவைக்கு மேல் இடைவெளி விட்டு வைக்கவில்லை. தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு டிகிரிதான் மிச்சம்.

இதைக் கணக்காக்கும் வழி 1990-களில் உருவானது. 1982-83 எல் நினோவின்போது பனாமா, கோஸ்டா ரிகா, கலாபகஸ் கரைகளில் பவளம் பெருமளவில் வெளுத்துச் செத்ததை பீட்டர் கிளின் பதிவு செய்து, அதற்குக் காரணம் கடல்சூடு என்று வாதிட்டார். அப்போது அதைப் பலர் ஏற்கவில்லை. நோய், மாசு, நன்னீர் என்று பல காரணங்கள் பேசப்பட்டன. ஜமைக்காவில் பணியாற்றிய தாமஸ் கோரோவும் ரேமண்ட் ஹேயஸும் செயற்கைக்கோள் வெப்பப் பதிவுகளை வெளுப்புப் பதிவுகளோடு அடுக்கிப் பார்த்தார்கள். அந்தந்த இடத்தின் மிகச் சூடான மாதத்தின் சராசரியைவிடக் கடல் ஒரு டிகிரி கூடிய இடங்களில் வெளுப்பு தொடர்ந்து வந்தது. அமெரிக்காவின் தேசியக் கடல் வளிமண்டல அமைப்பு இதை எடுத்துக்கொண்டு உலகம் முழுவதற்குமான கண்காணிப்பாக்கியது. கோரல் ரீஃப் வாட்ச் என்ற அந்தத் திட்டம் இன்று கடற்பரப்பை 5 கிலோமீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் நாள்தோறும் கணக்கு வைக்கிறது.

அந்தக் கணக்கு எளிமையானது, பள்ளி மாணவரும் போட்டுவிடலாம். ஒரு சதுரத்தின் பழைய பதிவுகளிலிருந்து பன்னிரண்டு மாதச் சராசரிகளை எடுத்து, அதில் பெரியதை அடிக்கோடாக வைக்கிறார்கள். விளக்கத்துக்காக அது சரியாக 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வெளுப்பின் வாசற்படி 31. இனி வாரத்துக்கு வாரம் பார்ப்போம். ஏப்ரல் முதல் வாரம் கடல் 30.6. அடிக்கோட்டைவிட 0.6 கூடுதல், ஆனால் ஒரு டிகிரியை எட்டவில்லை, அதனால் கணக்கில் சேராது. இரண்டாம் வாரம் 31.0, கூடுதல் 1.0. அது சேரும். மூன்றாம் வாரம் 31.2, சேர்த்தால் 2.2. நான்காம் வாரம் 31.4, மொத்தம் 3.6. மே மாதம் பிறக்கும்போது ஐந்தாம் வாரம் 31.5, மொத்தம் 5.1. அடுத்த வாரம் 31.6, மொத்தம் 6.7. ஏழாம் வாரம் கொஞ்சம் தணிந்து 31.3. ஆனாலும் கூட்டல் நிற்கவில்லை, மொத்தம் 8.0. எட்டாம் வாரம் காற்று எழுந்து கடல் 30.8-க்கு இறங்குகிறது. புதிதாக எதுவும் சேராது, பழைய 8 அப்படியே நிற்கும். கடைசிப் பன்னிரண்டு வாரத்துச் சேர்மானம் மட்டுமே எப்போதும் கணக்கில் இருக்கும்.

இந்தச் சேர்மானத்தின் அலகு டிகிரி-வாரம். 4-ஐ எட்டினால் கண்ணுக்குத் தெரியும் அளவு வெளுப்பு வரும். 8-ஐ எட்டினால் கடுமையான வெளுப்பும், சூடு தாங்காத வகைகளின் சாவும் எதிர்பார்க்கலாம். நம் கணக்கில் ஐந்தாம் வாரத்தில் முதல் எல்லையும் ஏழாம் வாரத்தில் இரண்டாம் எல்லையும் வந்துவிட்டன. அந்த எட்டு வாரத்தில் ஒருநாளும் கடல் 32-ஐத் தொடவில்லை என்பதையும் கவனியுங்கள். ஒருநாள் 33 போய் மறுநாள் இறங்கிவிட்டால் பவளம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். 31.4-லேயே ஒரு மாதம் நின்றால் வெளுத்துவிடும். கடன் வாங்கியவருக்கு வட்டி விகிதத்தைவிடக் கட்டாமல் போன மாதங்கள்தான் பயம் தருவதுபோல, பவளத்துக்கு உயரத்தைவிட நீளம்தான் ஆபத்து.

முன்பு 8-க்கு மேல் தனி எச்சரிக்கை நிலை கிடையாது. 2023 கோடையில் ஃபுளோரிடாவிலும் கரீபியனிலும் சேர்மானம் அந்த அளவைப் பல இடங்களில் வெகுதூரம் தாண்டிப் போனது. அந்த ஆண்டின் இறுதியில் 12, 16, 20 என்று மேலும் மூன்று எல்லைகளைச் சேர்த்தார்கள். 20-ஐத் தாண்டினால் பவளத்தில் பெரும்பகுதி சாகும் என்பது அந்த கடைசி நிலையின் பொருள். ஒரு அளவுகோலின் மேல்முனை போதாமல் போய் நீட்ட வேண்டியிருந்தது என்பதை நான் பலமுறை நினைத்துக்கொள்கிறேன்.

இனி மன்னார் வளைகுடாவுக்குத் திரும்புவோம். இங்கே 1998-இலேயே பெரும் வெளுப்பு வந்தது. உயிருள்ள பவளத்தில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் அப்போது வெளுத்தது. 2005 முதல் தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள பவளங்களைத் தொடர்ந்து கண்காணித்து வருகிறது. கோடையில் நீர் 31 டிகிரியைத் தாண்டும்போது ஆங்காங்கே வெளுப்பதும், காற்று எழுந்து நீர் குளிர்ந்ததும் நிறம் திரும்புவதும் பல ஆண்டுகளில் நடந்தது. 2010-இலும் 2016-இலும் அப்படி நடக்கவில்லை. இரண்டும் எல் நினோவை ஒட்டிய கோடைகள். குறிப்பாக 2016-இல் வெளுத்ததில் பெரும்பகுதி திரும்பவே இல்லை.

எவ்வளவு போனது என்று எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்? முறை மிகப் பழையது, நம்பகமானது. பாரின் மேல் 20 மீட்டர் நாடாவை விரிப்பார்கள். அதை ஒட்டி நீந்திக்கொண்டே, நாடாவுக்குக் கீழே எங்கிருந்து எங்குவரை உயிருள்ள பவளம், எங்கே செத்த பவளம், எங்கே பாசி, எங்கே மணல் என்று நீரெழுதும் பலகையில் குறித்துக்கொண்டே போவார்கள். மொத்த நீளத்தில் உயிருள்ள பவளம் எத்தனை விழுக்காடு என்பதுதான் கடைசியில் கிடைக்கும் எண். இதைப் பல தீவுகளில், பல இடங்களில் செய்து சராசரி எடுப்பார்கள். 2016 வெளுப்புக்கு முன் வளைகுடாவின் சராசரி 38.9 விழுக்காடு. வெளுப்புக்குப்பின் 22.7. நாடாவின் மொழியில் சொன்னால், 20 மீட்டரில் 7 மீட்டர் 78 சென்டிமீட்டர் உயிரோடு இருந்தது, அது 4 மீட்டர் 54 சென்டிமீட்டராகக் குறைந்தது. இருந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு ஒரே கோடையில் போய்விட்டது.

எல்லாப் பவளமும் ஒரே விகிதத்தில் போகவில்லை. மான்கொம்பு போலக் கிளைவிடும் அக்ரோபோரா, தட்டையாக விரியும் மொன்டிபோரா, பூச்செண்டு போலக் குவியும் போசிலோபோரா ஆகியவை முதலில் வெளுத்து, அதிகமாகச் செத்தன. உருண்டை உருண்டையாகப் பாறைபோல வளரும் போரைட்டீஸ் வெளுத்தாலும் பெரும்பாலும் மீண்டது. தடித்த சதை கொண்ட வகைகளில் ஒளி உட்புகுவது குறைவு, சேமிப்புக் கொழுப்பும் கூடுதல். மெல்லிய சதை கொண்ட கிளைப் பவளம் வேகமாக வளரும், சேமிப்பு குறைவு. மீன்குஞ்சுகள் ஒளிந்து வளர இடம் தருவதோ அந்தக் கிளைகள்தான். உருண்டைப் பாறை மட்டும் மிஞ்சிய பாரில் உயிருள்ள பவளத்தின் விழுக்காடு ஓரளவு இருப்பதாக நாடா சொல்லும், ஒளிந்துகொள்ளச் சந்துபொந்து இருக்காது.

வெள்ளையாக இருக்கும் எல்லாமே செத்துப்போனவை அல்ல. படகிலிருந்து பார்க்கும் நமக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தோன்றும். நெருங்கிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வெளுத்து உயிரோடு இருக்கும் பவளத்தின் மேல் ஈரமான, வழவழப்பான ஒரு படலம் இருக்கும். குழிகளின் விளிம்பு மழுங்கித் தெரியும், சில நேரம் பாலிப்பின் கைகள் அசைவதைக்கூடப் பார்க்கலாம். செத்த பவளத்தில் அந்தப் படலம் இராது. சுண்ணாம்புக் குழிகளின் விளிம்புகள் கூராக, புதிதாக உடைத்த கல்லைப்போலத் தெரியும். சில நாட்களிலேயே அதன்மேல் பச்சையும் பழுப்புமாகப் பாசித் தூசு படரத் தொடங்கும். தூரத்திலிருந்து பார்க்கும்போது 'நிறம் திரும்பிவிட்டது' என்று மனம் மகிழும். உண்மையில் அது செத்ததன் அடையாளம். வெளுப்பின் நடுவில் சில பவளங்கள் ஊதாவும் இளஞ்சிவப்புமாக ஒளிர்வதும் உண்டு. பாசி மறைந்ததும் பவளத்தின் சொந்த நிறமிகள் வெளித் தெரிவதால் வரும் அழகு அது. படமெடுக்க அருமையான காட்சிதான், ஆனால் அது நோயின் ஒரு கட்டம்.

நிறத்தை ஒப்பிட நீச்சல்காரர்களுக்கு ஓர் அட்டை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் கோரல்வாட்ச் திட்டம் உருவாக்கியது. வெளிறியது 1, அடர்ந்தது 6 என்று நிறப்படிகள் அச்சிட்ட நீர்புகா அட்டை. பவளத்தின் அருகில் பிடித்து, அதன் மிக வெளிறிய இடமும் மிக அடர்ந்த இடமும் எந்தப் படிக்கு ஒக்கும் என்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒருமுறை பார்த்தால் பயன் குறைவு. அதே பவளம் 5-லிருந்து 3-க்கு இறங்கினால் உள்ளே இருக்கும் பாசி குறைந்துகொண்டிருக்கிறது என்று பொருள், முழு வெள்ளை ஆவதற்கு முன்பே தெரிந்துவிடும். கையில் ஒரு அட்டையும் நிலைத்த ஓர் இடமும் இருந்தால் கரையோரப் பள்ளிகளே இதைச் செய்யலாம்.

செயற்கைக்கோள் கணக்கில் குறைகள் உண்டு, அதை நம்பி மட்டும் இருக்க முடியாது. அது பார்ப்பது கடலின் மேற்பரப்புத் தோலை, அதுவும் 5 கிலோமீட்டர் சதுரத்தின் சராசரியை. தீவுக்கும் கரைக்கும் இடையே ஒன்றிரண்டு ஆள் ஆழத்தில் தேங்கும் நீர், அந்தச் சராசரியைவிடக் கூடுதலாகச் சூடேறலாம். அதனால்தான் பாரிலேயே சிறு வெப்பமானிகளைக் கட்டிவைத்துப் படித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. மேகமூட்டத்தால் ஒளி குறைந்தால் பவளத்தின் துன்பமும் குறையும், ஆனால் டிகிரி-வாரத்தில் அதற்கு இடமில்லை. கூடுதல் 0.9-லேயே இரண்டு மாதம் நின்றால் கணக்கு சுழியம் என்று சொல்லும், பவளம் அப்படிச் சொல்லாது. இதனால் சிலர் ஒரு டிகிரிக்குக் கீழே உள்ள கூடுதலையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மறுபக்கம், ஒருமுறை வெளுத்துத் தப்பிய பவளங்கள் அடுத்தமுறை அதே சேர்மானத்தில் குறைவாக வெளுப்பதையும் பார்த்திருக்கிறார்கள். சில பவளங்கள் சூடு தாங்கும் பாசி வகைக்கு மாறிக்கொள்கின்றன. ஆனால் அத்தகைய பாசி பவளத்துக்குக் கொடுக்கும் சர்க்கரை பெரும்பாலும் குறைவு. பலவீனமான வகைகள் ஏற்கெனவே செத்துவிட்டதால் மிஞ்சியவை உறுதியாகத் தெரிவதும் உண்டு. இரண்டையும் பிரித்தறிவது எளிதல்ல.

அந்த ஒரு டிகிரி மிச்சம் இப்போது எங்கே நிற்கிறது? இந்தியப் பெருங்கடல் 1950 முதல் 2020 வரை ஏறத்தாழ 1.2 டிகிரி வெப்பமடைந்திருக்கிறது. எல் நினோ ஆண்டில் கடல் மேலும் அரை டிகிரியோ ஒரு டிகிரியோ எழும்போது, முன்பு அது உச்சிக்கும் வாசற்படிக்கும் இடையே அடங்கிவிடும். இப்போது தொடங்குமிடமே மேலே போய்விட்டதால் அதே எழுச்சி படியைத் தாண்டிவிடுகிறது. உலகளாவிய வெளுப்பு என்று அறிவிக்கப்பட்டவை 1998, 2010, 2014-17, பிறகு 2023-இல் தொடங்கியது என நான்கு. நான்காவதில் உலகப் பவளப் பரப்பில் 84 விழுக்காடு வெளுக்கும் அளவு வெப்பத்துக்கு ஆளானது. லட்சத்தீவும் அதில் 2024 கோடையில் கடுமையாக வெளுத்தது. கிளைப் பவளம் நிறைந்த ஒரு பார் முழுதாக மீளப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ வேண்டும். 2010-க்கும் 2016-க்கும் இடையே மன்னார் வளைகுடாவுக்குக் கிடைத்தது ஆறு ஆண்டுகள்.

செத்த பவளத்தின் மேல் யார் முதலில் குடியேறுகிறார்கள் என்பதும் மீட்சியை முடிவு செய்கிறது. பவளக் குஞ்சு கடலில் மிதந்துவந்து கெட்டியான சுத்தமான பரப்பில் ஒட்ட வேண்டும். பாசி முந்திக்கொண்டு அடர்ந்துவிட்டால் இடம் கிடைக்காது. குருசடைத் தீவுப் பகுதியில், வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற கடற்பாசி கட்டுமீறிப் பரவி உயிருள்ள பவளத்தையே மூடிக்கொண்டதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். பாசியை மேயும் மீன்கள் இருந்தால் பரப்பு சுத்தமாக இருக்கும். கிளி மீன் போன்ற அந்த மேய்ச்சல் மீன்களைப் பிடிக்காமல் விடுவது, கழிவுநீர் கடலில் சேராமல் தடுப்பது ஆகியவை கடலின் சூட்டைக் குறைக்காது. வெளுத்தபின் திரும்பும் வாய்ப்பைக் கூட்டும். கரையில் இருப்பவர்கள் கையில் உள்ளது அவ்வளவு, அது சிறியதும் அல்ல.

ஜூன் நடுவில் கச்சான் எழும். கடல் கலங்கும், அடிநீர் மேலே வரும், வெப்பம் வாசற்படிக்குக் கீழே இறங்கும். உயிர் பிழைத்த பவளத்தின் சதையில் மிஞ்சிய சில பாசிச் செல்கள் பெருகத் தொடங்கும். சில வாரங்களிலோ மாதங்களிலோ பழுப்பு நிறம் திரும்பும். பன்னிரண்டு வாரம் கழிந்ததும் கணினித் திரையில் டிகிரி-வாரம் மறுபடி சுழியமாகிவிடும். பவளத்தின் உடலில் அது அவ்வளவு சீக்கிரம் சுழியமாவதில்லை. பட்டினி கிடந்த நாட்களில் கரைந்த கொழுப்பை மறுபடி சேர்க்க வேண்டும், நின்றுபோன வளர்ச்சியைத் தொடர வேண்டும், இனப்பெருக்கம் கடைசியில்தான் வரும்.

தூத்துக்குடிக் கரையில் அக்ரோபோரா பவளம் மார்ச் மாதத்தில், பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில் முட்டையிடுகிறது. அதற்குச் சில நாட்கள் முன்பு நீரில் இறங்கி ஒரு சிறு கிளையின் நுனியை ஒடித்துப் பார்த்தால், வெள்ளைச் சுண்ணாம்புக்கு நடுவே இளஞ்சிவப்பு முட்டைகள் வரிசையாகத் தெரியும். முதல்நாள் வெளுத்ததா, எவ்வளவு நாள் வெளுத்துக் கிடந்தது என்பதெல்லாம் அப்போது கிளையின் வெளிநிறத்தில் தெரியாது, எல்லாம் ஒரே பழுப்புதான். போன கோடையில் நீண்ட நாள் வெளுத்துக் கிடந்த கிளையை ஒடித்தால், பல நேரம் உள்ளே முட்டை இருப்பதில்லை.